காலியாகக் கிடக்கும் இரண்டாவது வீடு: ரிட்டர்னில் எந்த வகையில் காட்டுவது?

வீட்டில் யாரும் குடியில்லை, வாடகை ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆனாலும் "அந்த வீட்டுக்கு வாடகை வருமானம் ஏன் காட்டவில்லை?" என்று வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வருகிறது. இப்படி ஒரு நோட்டீஸ் கையில் இருப்பவருக்கும், இனி வராமல் பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கும் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சட்டத்தில் உள்ளதுதான். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அந்த வீட்டில் அந்த ஆண்டு உண்மையில் என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். எதில் வரி குறைகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ற காரணத்தைத் தேடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசுவோம். சென்னை குரோம்பேட்டையில் சொந்த வீட்டில் குடியிருக்கும் ஒரு சம்பளக்காரர். அந்த வீட்டுக்குக் கடன் பாக்கி இல்லை. கோவை சரவணம்பட்டியில் கடன் வாங்கி ஒரு அபார்ட்மெண்ட் வாங்கி, மாதம் 14,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருந்தார். குடித்தனக்காரர் 2023 மார்ச் மாதம் காலி செய்துவிட்டார். அதற்குப் பிறகு 2023-24 நிதியாண்டு முழுக்க வீடு பூட்டியே கிடந்தது. அந்த ஆண்டு வீட்டுக் கடனுக்குக் கட்டிய வட்டி 3,20,000 ரூபாய், சொத்து வரி 6,000 ரூபாய். அவர் பழைய வரி முறையில், 30 சதவீத அடுக்கில் இருப்பவர்.

2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான ரிட்டர்னில் அவர் கோவை வீட்டை வாடகைக்கு விட்ட வீடு என்று குறித்தார். வாடகை என்ற இடத்தில் பெயருக்கு ஒரு ரூபாய் போட்டார். முழு வட்டியையும் கழித்தார். அந்த ஒரு ரூபாயை விட்டுவிட்டால் நட்டம் 3,20,000. அதில் 2 லட்சத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு, மீதி 1,20,000-ஐ அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்றார். வாடகைக்கு விட்ட வீடு என்கிறார், வாடகை இல்லை என்கிறார், வட்டி மட்டும் லட்சக்கணக்கில் இருக்கிறது. இந்தச் சேர்க்கை கண்ணில் பட்டால் கேள்வி வருவது இயல்பு. நோட்டீஸில் இருந்த கேள்வி இதுதான்: 23(1)(ஏ) பிரிவின்படி இந்த வீட்டுக்கு உத்தேச வாடகையை ஏன் வருமானமாகச் சேர்க்கக் கூடாது?

சட்டம் வாடகையைப் பார்க்கவில்லை

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு வீட்டின் "ஆண்டு மதிப்பு"க்குத்தான் வரி போடுகிறது. கையில் வந்த வாடகை அதைக் கணக்கிட உதவும் ஒரு தகவல் மட்டுமே. 23(1)(ஏ)-வில் ஆண்டு மதிப்பு என்பது அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகை. ஆடிட்டர்கள் நோஷனல் ரெண்ட் என்று சொல்வது இதைத்தான். உண்மையான வாடகை அதைவிடக் கூடுதலாக இருந்தால் 23(1)(பி)-யின்படி அந்தக் கூடுதல் தொகையே ஆண்டு மதிப்பு.

அப்படியானால் காலி வீடு எல்லாவற்றுக்கும் உத்தேச வாடகை கட்டாயமா? இல்லை. தப்பிக்க இரண்டு கதவுகளைச் சட்டமே வைத்திருக்கிறது. ஒன்று, சொந்தக் குடியிருப்பு என்று காட்டுவது. அப்போது 23(2)-இன் கீழ் ஆண்டு மதிப்பு பூஜ்யம். இன்னொன்று, வாடகைக்கு விடும் வீடு, ஆனால் ஆள் கிடைக்காமல் காலியாக இருந்தது என்று காட்டுவது. அதற்கு 23(1)(சி). இந்த இரண்டும் பொருந்தாதபோதுதான் மூன்றாவது வழி, அதாவது வாடகைக்கு விட்டதாகக் கருதி உத்தேச வாடகையை நாமே காட்டுவது.

நம் கோவை வீட்டை மூன்று வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று தெரியும். சொந்தக் குடியிருப்பு என்று காட்டினால் ஆண்டு மதிப்பு பூஜ்யம், வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு, சொத்து வரிக்குக் கழிவு இல்லை. சம்பளத்தில் கழிவது 2 லட்சம், எடுத்துச் செல்ல எதுவும் இல்லை. உத்தேச வாடகை காட்டினால், மாதம் 14,000 வீதம் ஆண்டுக்கு 1,68,000-இல் சொத்து வரி 6,000 போக 1,62,000. அதில் வீட்டு வருமானத்துக்குச் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு 48,600 போக 1,13,400. வட்டி 3,20,000-ஐக் கழித்தால் நட்டம் 2,06,600. சம்பளத்தில் கழிவது 2 லட்சம், எடுத்துச் செல்வது வெறும் 6,600. அவர் காட்டியபடியே விட்டால் கழிவது 2 லட்சம், எடுத்துச் செல்வது 1,20,000.

மூன்றிலும் அந்த ஆண்டின் வரி ஒன்றேதான். வீட்டு நட்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க ஆண்டுக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு என்பதால் இப்படி. சண்டை முழுக்க அந்த 1,20,000 ரூபாய் நட்டத்துக்காக. அதையும் அடுத்த எட்டு ஆண்டுகளில் வீட்டு வருமானம் வந்தால் மட்டுமே கழிக்க முடியும். கோவை வீட்டுக்கு மறுபடி ஆள் வந்தாலும், வட்டி வாடகையைவிட அதிகமாக இருக்கும்வரை அந்த நட்டத்துக்கு வேலையே வராது. நோட்டீஸ் வந்ததும் பதறுவதற்கு முன் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். எதற்காகப் போராடுகிறோம் என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் போராடலாம் என்பதும் தெரியும்.

கடனே இல்லாத வீடு என்றால் கதை வேறு. உத்தேச வாடகையைச் சேர்த்தால் 1,13,400 ரூபாய் அப்படியே வருமானத்தில் ஏறும். 30 சதவீத அடுக்கில், 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்து வரி சுமார் 35,380 ரூபாய். சொந்தக் குடியிருப்பு என்றால் பூஜ்யம். ஆண்டுக்கு 35,000 என்பது, மூன்று நான்கு ஆண்டுகளின் கணக்கைத் துறை மறுபடி திறந்தால் லட்சத்தைத் தாண்டும். வீட்டுக் கடனை அடைத்து முடித்தவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு மாற்றம் உண்டு. அங்கே சொந்தக் குடியிருப்புக்கு வட்டிக் கழிவே கிடையாது. வாடகை வீட்டுக்கோ, உத்தேச வாடகை காட்டும் வீட்டுக்கோ வட்டியைக் கழிக்கலாம். ஆனால் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆகவே கோவை வீட்டைப் போல வட்டி அதிகமாக உள்ள வீட்டுக்கு அந்த ஆண்டின் வரி எந்த வழியிலும் மாறாது.

சொந்தக் குடியிருப்பு: 2025-க்கு முன்னும் பின்னும்

2020-21 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இரண்டு வீடுகளைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டலாம். 2019-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றம் அது. அதற்கு முன் ஒன்றுதான். இது பரவலாகத் தெரிந்த விஷயம். பலர் கவனிக்காதது, எண்ணிக்கை கூடியபோது நிபந்தனை மாறவில்லை என்பது. வீட்டில் உரிமையாளர் தன் குடியிருப்புக்காக இருக்க வேண்டும். அல்லது வேலை, தொழில் காரணமாக வேறு ஊரில், தனக்குச் சொந்தமில்லாத கட்டடத்தில் குடியிருக்க வேண்டிய நிலையில் இருக்க வேண்டும். பழைய 23(2) இப்படித்தான் இருந்தது.

இந்த வாசகத்தை நம் குரோம்பேட்டைக்காரருக்குப் பொருத்திப் பாருங்கள். கோவையில் அவர் குடியில்லை. சென்னையில் இருப்பதோ சொந்த வீடு, ஆகவே "சொந்தமில்லாத கட்டடம்" என்ற நிபந்தனையும் நிற்காது. எழுத்துக்கு எழுத்து படித்தால் பூட்டிக் கிடந்த கோவை வீடு இரண்டு நிபந்தனைகளிலும் விழுகிறது. துறைக்கு 23(1)(ஏ)-வைக் கையில் எடுக்க இடம் கிடைப்பது இங்கேதான். இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. வீட்டில் நம் கட்டிலும் பாத்திரமும் இருந்தால், விடுமுறைக்கும் கல்யாணம் காதுகுத்துக்கும் போய்த் தங்கினால், சாவி நம்மிடமே இருந்தால், அது நம் குடியிருப்புக்காக நம் வசம் இருக்கும் வீடுதான் என்று வாதிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் யாரும் இருக்க முடியாது என்பது தெரிந்துதானே சட்டம் இரண்டு வீடுகளுக்குச் சலுகை கொடுத்தது. என் பார்வையில் இது வலுவான வாதம். ஆனால் வீட்டைச் சும்மா பூட்டிப்போட்டவர் இதைச் சொல்லும்போது வலு குறையும்.

2025 பட்ஜெட் இந்த ஓட்டையை அடைத்தது. 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் 23(2) மாற்றி எழுதப்பட்டது. உரிமையாளர் குடியிருந்தாலும் சரி, "எந்தக் காரணத்தாலும்" குடியிருக்க முடியாமல் போனாலும் சரி, ஆண்டு மதிப்பு பூஜ்யம். இது 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்திலிருந்து செல்லும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் 21-ஆவது பிரிவில் இதே சலுகை தொடர்கிறது.

ஆகவே 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல், மொத்தம் இரண்டே வீடு வைத்திருந்து, இரண்டாவது வீடு ஆண்டு முழுக்கக் காலியாக இருந்தால், அதைச் சொந்தக் குடியிருப்பு என்று காட்டுவதே சரி. வரியும் இல்லை, விளக்கமும் தேவையில்லை. அதை விட்டுவிட்டு எடுத்துச் செல்லும் நட்டத்துக்கு ஆசைப்பட்டு "வாடகைக்கு விட்டது" என்று குறிப்பதற்கு நல்ல காரணம் வேண்டும்.

ஒரு எல்லை மட்டும் நினைவில் இருக்கட்டும். 23(3)-இன்படி அந்த ஆண்டில் ஒரு மாதமாவது வாடகைக்கு விட்டிருந்தால், அல்லது அந்த வீட்டிலிருந்து வேறு ஏதாவது ஆதாயம் பெற்றிருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். ஏப்ரலில் ஒரு மாத வாடகை வாங்கிவிட்டு மீதி பதினோரு மாதம் பூட்டிவைத்த வீட்டைச் சொந்தக் குடியிருப்பு என்று காட்ட முடியாது. குடித்தனக்காரர் மார்ச்சில் போனாரா ஏப்ரலில் போனாரா என்பது இவ்வளவு முக்கியம். நம் ஆளுக்கு மார்ச்சில் போனது நல்லதாயிற்று.

ஆள் கிடைக்காத வீடு

23(1)(சி) சொல்வது இது: வீடு வாடகைக்கு விடப்பட்டது, ஆண்டு முழுக்கவோ ஒரு பகுதியிலோ காலியாக இருந்தது, அந்தக் காரணத்தால் வந்த வாடகை உத்தேச வாடகையைவிடக் குறைந்தது என்றால், வந்த வாடகையே ஆண்டு மதிப்பு.

ஆண்டின் நடுவில் காலியான வீட்டுக்கு இது சுலபமாகப் பொருந்தும். கோவை வீட்டில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆள் இருந்து 70,000 ரூபாய் வாடகை வந்திருந்தால், பிறகு மார்ச் வரை ஆள் தேடியும் கிடைக்கவில்லை என்றால், 70,000-தான் ஆண்டு மதிப்பின் அடிப்படை. மீதி ஏழு மாதத்துக்கு உத்தேச வாடகை சேர்க்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஏழு மாதமும் உங்கள் மகனோ நீங்களோ அங்கே தங்கியிருந்தால் அது காலி இல்லை. அப்போது ஆண்டு முழுமைக்குமான உத்தேச வாடகையோடு ஒப்பிட வேண்டிவரும். இந்த வேறுபாட்டை மின்சார ரீடிங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்டு முழுக்கக் காலி என்றால் தீர்ப்புகள் இரண்டாகப் பிரிகின்றன. விவேக் ஜெயின் வழக்கில் 2011-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், அந்த ஆண்டில் வாடகைக்கே விடப்படாத வீட்டுக்கு இந்தச் சலுகை கிடைக்காது, 23(1)(ஏ)-தான் பொருந்தும் என்றது. மறுபக்கம் மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிரேம்சுதா எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில், வாடகைக்கு விடும் நோக்கத்தோடு வைத்திருந்து முயற்சியும் எடுத்தால் போதும் என்று கொண்டது. சச்சின் டெண்டுல்கருக்குப் புனேயில் இருந்த ஒரு காலி பிளாட் விஷயத்திலும், வாடகைக்கு விட முயற்சி எடுத்ததை ஏற்று மும்பை தீர்ப்பாயம் 2018-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. துறை முதல் வழக்கைக் காட்டும், நாம் மற்றவற்றைக் காட்டலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் எடை கூடுதல் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்தப் பக்கம் நின்றாலும் முடிவு சான்றுகளில்தான் இருக்கிறது. முன்பு வாடகைக்கு இருந்தவரின் ஒப்பந்தம், அவருக்கு அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்த வங்கிப் பதிவு, வீட்டுத் தரகரோடு அந்த ஆண்டிலேயே பேசிய வாட்ஸாப் செய்திகள், இணையத்தில் போட்ட விளம்பரத்தின் தேதி தெரியும் படம், அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு எழுதிய கடிதம் ஆகியவை உதவும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணப் பட்டியலில் ரீடிங் நகராமல் இருப்பது வீடு காலி என்பதைக் காட்டும், ஆள் தேடினோம் என்பதைக் காட்டாது. அந்த இரண்டாவது விஷயத்துக்கு நோட்டீஸ் வந்த பிறகு எழுதி வாங்கும் தரகர் கடிதம் அவ்வளவு உதவாது. தேதி பின்னால் இருக்கிறதே என்ற கேள்வி உடனே வரும்.

நம் எடுத்துக்காட்டில் ஒரு சிரமம் இதில்தான். அவரிடம் பழைய ஒப்பந்தமும் அட்வான்ஸ் திருப்பிய பதிவும் இருந்தன. ஆள் தேடியதற்கு ஒரே ஒரு தரகரிடம் அனுப்பிய சில செய்திகள்தான் இருந்தன. அதோடு, வாங்காத வாடகைக்கு ஒரு ரூபாய் என்று ரிட்டர்னில் எழுதியிருந்தார். காலி என்று வாதிட வேண்டியவர் வாங்காத ஒரு தொகையை வாடகை என்று தானே எழுதியிருப்பது அவருடைய பேச்சையே பலவீனமாக்குகிறது. பூஜ்யம் போட்டால் மென்பொருள் ஏற்காமல் போகலாம் என்று பலர் இப்படிச் செய்கிறார்கள். நடந்ததை மறைக்கும் எண்ணை வேலை முடிந்தால் போதும் என்று போடவே கூடாது.

உத்தேச வாடகையை நாமே காட்டுவது

மூன்றாவது வீடு இருப்பவருக்கு இது தவிர்க்க முடியாதது. ஊரில் அப்பா விட்டுச் சென்ற வீடும் எண்ணிக்கையில் சேரும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. கும்பகோணத்தில் பரம்பரை வீடு, சென்னையில் குடியிருக்கும் வீடு, கோவையில் அபார்ட்மெண்ட் என்றால் மூன்று வீடு. இதில் எந்த இரண்டைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம், அதை ஆண்டுக்காண்டு மாற்றவும் செய்யலாம். கடன் இல்லாத வீடுகள் என்றால் வாடகை மதிப்புக் குறைந்ததை உத்தேச வாடகைக்கு ஒதுக்குவது நல்லது. கும்பகோணம் வீட்டுக்கு மாதம் 3,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 36,000. சொத்து வரி 1,000, பிறகு 30 சதவீதம் கழித்தால் 24,500-தான் வருமானம். 30 சதவீத அடுக்கிலும் வரி எட்டாயிரத்தைத் தொடாது.

தொகையை எப்படி நிர்ணயிப்பது? வழக்கமாகப் பார்ப்பது இரண்டு: உள்ளாட்சி அமைப்பு சொத்து வரிக்காகக் கொண்ட ஆண்டு வாடகை மதிப்பு, அதே பகுதியில் அதே மாதிரி வீட்டுக்குக் கிடைக்கும் வாடகை. இவற்றில் கூடியதை எடுக்க வேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் இடத்தில் நிலையான வாடகை ஒரு மேல்வரம்பு. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் வாடகையை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது, அதனால் அந்த மேல்வரம்பை இங்கே எதிர்பார்க்க முடியாது. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு நிலத்தை விற்பதற்கானது. அதில் ஒரு சதவீதத்தை எடுத்து வாடகை என்று யாராவது கணக்குப் போட்டால் ஏற்க வேண்டியதில்லை.

அதிகாரி இணையதள விளம்பரங்களைப் பார்த்து "அந்தப் பகுதியில் 22,000 போகிறது" என்று எழுதினால் என்ன செய்வது? விளம்பரத்தில் கேட்கும் தொகையும் ஒப்பந்தத்தில் நிற்கும் தொகையும் ஒன்றல்ல. 2014-இல் டிப் டாப் டைப்போகிராஃபி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், உள்ளாட்சி மதிப்பு நல்ல அளவுகோல், அதிலிருந்து விலக அதிகாரியிடம் உறுதியான ஆதாரம் வேண்டும் என்று சொன்னது. எந்த ஆதாரத்தில் 22,000 என்று வந்தீர்கள், அதன் பிரதி தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். நம் பக்கத்தில் கடைசிக் குடித்தனக்காரரின் ஒப்பந்தத்தைவிடப் பெரிய சான்று இல்லை. 14,000-க்கு ஆள் இருந்த அதே வீடு. அதே பிளாக்கில் அதே அளவுள்ள இன்னொரு வீட்டின் ஒப்பந்தம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இந்த வழியில் பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது. குறைத்துக் காட்டிய வருமானத்துக்கு 270ஏ பிரிவில் வரியில் 50 சதவீதம் அபராதம். ஆனால் 270ஏ(6)(சி)-யின்படி, ஒரு தொகை மதிப்பீட்டால் கூட்டப்படும்போது, அதே விஷயத்தில் நாமே ஒரு குறைந்த தொகையை மதிப்பிட்டு வருமானத்தில் சேர்த்து, எல்லா விவரங்களையும் வெளிப்படுத்தியிருந்தால், கூட்டிய வித்தியாசத்துக்கு அபராதம் கிடையாது. கும்பகோணம் வீட்டுக்கு 36,000 என்று காரணத்தோடு காட்டியவருக்கு அதிகாரி 60,000 என்று முடிவுசெய்தால் கூடுதல் வரியும் வட்டியும் வரும், அபராதம் வராது. எதுவுமே காட்டாதவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மூன்றாவது வீட்டைக் காட்டாமல் விடுவதைவிட நியாயமான ஒரு தொகையைக் காட்டிவிடுவது மலிவு என்று நான் சொல்வது இதனால்தான்.

படிவத்தில்

வீட்டு வருமானத்துக்கான பகுதியின் பெயர் Schedule HP. 2025-26 மதிப்பீட்டு ஆண்டு வரை ஐடிஆர்-1-இல் ஒரு வீட்டைத்தான் காட்ட முடியும், அதனால் அந்த ஆண்டுகளுக்கு இரண்டு வீடு உள்ளவர்கள் ஐடிஆர்-2-க்குப் போக வேண்டும். இரண்டாவது வீட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டு ஐடிஆர்-1 போடுவது வரி பூஜ்யமாக இருந்தாலும் தவறு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பதிவு போட்டு, வகையில் Self Occupied, Let Out, Deemed Let Out என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதில் வட்டி மட்டும் போடும் இடம் இருக்கும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 2 லட்சம்தான் வரம்பு. மூன்றாவதில் வாடகை இடத்தில் உத்தேச வாடகையை எழுத வேண்டும். சொத்து வரியை அந்த ஆண்டில் உண்மையில் கட்டியிருந்தால் மட்டும் கழிக்கலாம். பழைய பாக்கியை ஒரே தவணையில் கட்டியிருந்தால் கட்டிய ஆண்டிலேயே முழுவதும் கழியும். மனைவியோ அண்ணனோ பங்குதாரராக இருந்தால் பங்கு சதவீதத்தை எழுத மறக்காதீர்கள். பாதிப் பங்குள்ள வீட்டின் முழு உத்தேச வாடகையும் உங்கள் தலையில் ஏறுவது இந்த ஒரு இடத்தை விட்டுவிடுவதால்தான்.

நோட்டீஸுக்குப் பதில்

முதலில் நோட்டீஸில் உள்ள ஆவண எண்ணை வருமான வரித் தளத்தில் சரிபார்த்து, அது எந்தப் பிரிவில் வந்தது, எந்த ஆண்டுக்கு என்று பாருங்கள். 142(1) விவரம் கேட்பது, 143(2) ரிட்டர்னை முழு ஆய்வுக்கு எடுத்தது, 148ஏ பழைய ஆண்டைத் திறக்கலாமா என்று விளக்கம் கேட்பது. பதிலை Pending Actions பகுதியில் உள்ள e-Proceedings வழியாகவே அனுப்ப வேண்டும். கெடுவுக்குள் முடியவில்லை என்றால் அதே இடத்தில் அவகாசம் கேட்கலாம், சும்மா இருந்துவிடக் கூடாது.

நம் கோவை வீட்டுக்காரருக்கு நான் சொல்லும் பதில் இப்படி இருக்கும். வீடு 2023 மார்ச் வரை வாடகையில் இருந்தது, அதற்குப் பிறகு அந்த நிதியாண்டு முழுவதும் காலி என்பதை ஒப்பந்தம், அட்வான்ஸ் திருப்பிய பதிவு, மின் பட்டியல்களோடு முதலில் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய் என்ற எண் வாங்கிய வாடகை அல்ல என்று நேராகத் தெளிவுபடுத்த வேண்டும். அடுத்து 23(1)(சி) கோரிக்கையை வைத்து, தரகரிடம் பேசிய பதிவுகளை இணைக்க வேண்டும். அது ஏற்கப்படாவிட்டால் என்று மாற்றாக, 14,000 மாத வாடகை அடிப்படையில் 1,68,000-தான் உத்தேச வாடகை, அதில் சொத்து வரியும் 30 சதவீதமும் முழு வட்டியும் கழிய வேண்டும் என்று கணக்கோடு எழுத வேண்டும். உத்தேச வாடகையைச் சேர்க்கும் அவசரத்தில் இந்தக் கழிவுகள் விடுபட்டுப்போனால் 1,68,000-மும் வருமானமாகிவிடும். மாற்றுக் கணக்கை நாமே போட்டுக் கொடுத்தால் அது நடக்காது.

சொந்தக் குடியிருப்பு என்ற வாதத்தை இப்போது புதிதாகக் கொண்டுவரலாமா? திருத்திய ரிட்டர்ன் இல்லாமல் புதுக் கோரிக்கையை மதிப்பீட்டு அதிகாரி ஏற்க முடியாது என்று கோயட்ஸே வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் அவருக்கு அது தேவையும் இல்லை. வாடகைக்கு ஆள் தேடினேன் என்று ஒரு பக்கமும், என் குடியிருப்புக்காக வைத்திருந்தேன் என்று மறுபக்கமும் எழுதினால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். கடன் இல்லாதவராக இருந்து 35,000 ரூபாய் வரி தலைக்கு மேல் தொங்கினால், மேல்முறையீட்டில் அந்த வாதத்தை வைப்பது நியாயம்.

23(1)(சி) நிராகரிக்கப்பட்டு மாற்றுக் கணக்கு ஏற்கப்பட்டால் அவர் இழப்பது எடுத்துச் செல்லும் நட்டத்தில் 1,13,400. அந்த ஆண்டுக்குக் கூடுதல் வரி பூஜ்யம். ஆனாலும் காட்டிய நட்டம் குறைந்ததையே குறைத்துக் காட்டிய வருமானமாக எடுத்துக்கொண்டு 270ஏ-வில் நடவடிக்கை தொடங்க இடம் உண்டு. அங்கே இரண்டு பாதைகள். ஒன்று, எல்லா உண்மைகளையும் வெளிப்படுத்தி நம்பத்தகுந்த விளக்கம் கொடுத்தேன் என்று 270ஏ(6)(ஏ)-வின் கீழ் எதிர்ப்பது. இன்னொன்று, உத்தரவை ஏற்றுக்கொண்டு, வரியும் வட்டியும் இருந்தால் கெடுவுக்குள் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், 270ஏஏ-வின் கீழ் படிவம் 68-ஐத் தாக்கல் செய்து விலக்குக் கேட்பது. உத்தரவு கையில் கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்தப் படிவம் போக வேண்டும். எப்போதோ ஒருநாள் பயன்படக்கூடிய 1,13,400 ரூபாய் நட்டத்துக்காக வருடக்கணக்கில் மேல்முறையீடு நடத்துவதைவிட, இவருக்கு நான் படிவம் 68-ஐத்தான் சொல்வேன். அடுத்த ரிட்டர்னில், வீடு இன்னும் காலியாகவே இருந்தால், வகையில் Self Occupied என்று தேர்ந்தெடுத்துவிட்டால் போதும்.